பழைய ரீலை அழிப்பதற்கு முன்னும் பின்னும்

எப்போதோ போட்ட ஒரு பதிவை நினைத்துப் பயந்துபோய் ஒரு பிள்ளை நம்மிடம் வரும்போது, அதன் விரல் பெரும்பாலும் Delete பட்டன்மேல்தான் இருக்கும். அழிக்க வேண்டியதை அழிக்கத்தான் வேண்டும். ஆனால் எதை முதலில் செய்கிறோம், எதைக் கடைசியில் செய்கிறோம் என்பது முக்கியம். வரிசை மாறினால் அழித்ததும் உதவாது, வருந்தியதும் போய்ச் சேராது. என் அண்ணன் மகன் விஷயத்தில் நாங்கள் என்ன செய்தோம் என்பதை இங்கே எழுதுகிறேன். அவனிடமும் அந்த வீடியோவில் இருந்த பையனிடமும் சம்மதம் வாங்கித்தான் எழுதுகிறேன். ஊர், பள்ளி, பெயர் எதுவும் வேண்டாம் என்று இருவரும் சொல்லிவிட்டார்கள்.

நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் டீச்சர். போன், பாஸ்வேர்டு என்று எதுவானாலும் வீட்டுப் பிள்ளைகள் என்னைத்தான் தேடி வருவார்கள். மருமகன் ஒரு சனிக்கிழமை இரவு போன் செய்ததும் அப்படித்தான்.

அவன் இப்போது பிளஸ் ஒன். எட்டாம் வகுப்பு படிக்கும்போது அவனுடைய வகுப்புத் தோழன் ஒருவன் ஆண்டு விழா மேடையில் திருக்குறள் சொல்ல ஏறியிருக்கிறான். அந்தப் பையனுக்குப் பேச்சு திக்கும். முதல் குறளின் முதல் சொல்லிலேயே நின்றுவிட்டான். யாரோ ஒரு பெற்றோர் அதை எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட, இவன் அந்தத் துண்டை மட்டும் வெட்டி, கீழ்ப்பாதியில் தன் முகத்தை வைத்து, அதேபோலத் திக்கிக் காட்டி, சிரிப்புச் சத்தம் சேர்த்து இன்ஸ்டாகிராமில் ரீலாகப் போட்டுவிட்டான். அப்போது நாலு பேர் சிரித்தார்கள், அதோடு அவனும் மறந்துவிட்டான். அந்தப் பையன் இடையில் வேறு பள்ளிக்குப் போய், இந்த வருஷம் அதே வகுப்புக்குத் திரும்பி வந்திருக்கிறான். இருவரும் ஒரே பெஞ்ச் அளவுக்கு நெருக்கமாகியும் விட்டார்கள். யாரோ ஒரு மாணவன் இவன் அக்கவுண்டில் கீழே கீழே தள்ளிக்கொண்டே போய் அந்த ரீலைக் கண்டுபிடித்து, லிங்க்கை வகுப்பு குரூப்பில் போட்டுவிட்டான்.

"அத்தை, ஒரு விஷயம் சொல்லணும். அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றுதான் ஆரம்பித்தான். "சரி, சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கத்தான் வாய் வரும். நான் கொடுக்கவில்லை. "முதல்ல விஷயத்தைச் சொல்லு. அப்பாகிட்ட எப்போ, எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு பேருமா யோசிப்போம். உனக்குத் தெரியாம நான் சொல்லமாட்டேன்" என்றேன். காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுத்து, பிறகு அதை மீறினால், அந்தப் பிள்ளை அடுத்த தடவை யாரிடமும் வராது. ரகசியம் காப்பதாகச் சொல்வதைவிட, முதுகுக்குப் பின்னால் எதுவும் நடக்காது என்று சொல்வதுதான் நம்மால் காப்பாற்றக்கூடியது.

அடுத்து சில கேள்விகள் கேட்டேன். அதில் யார் யார் முகம் தெரிகிறது? அக்கவுண்ட் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இருக்கிறதா? லிங்க் எங்கெல்லாம் போயிருக்கிறது? யாராவது மிரட்டினார்களா, காசு கேட்டார்களா? பள்ளியிலோ போலீஸிலோ புகார் ஏதாவது போயிருக்கிறதா? கடைசியாக, "உடம்பு தெரியுற மாதிரி யாரோட படமாவது அதுல இருக்கா?" என்று நேராகவே கேட்டேன். கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டால் அவர்களும் சொல்லமாட்டார்கள். இதற்கு வரும் பதிலைப் பொறுத்து வழியே மாறிவிடும். அதைப் பிறகு சொல்கிறேன். இவன் விஷயத்தில் மிரட்டல் இல்லை, புகார் இல்லை, உடம்பும் இல்லை. அந்தப் பையனின் முகமும் குரலும் இருந்தன. பள்ளிப் பெயர் எழுதிய பேனரும் பின்னால் தெரிந்தது.

அவன் அழிக்கத் துடித்துக்கொண்டிருந்தான். "அழிக்காதே, Archive பண்ணு" என்றேன். இன்ஸ்டாகிராமில் நம் பதிவின் மூன்று புள்ளி மெனுவுக்குள் Delete இருக்கிறது, Archive என்றும் ஒன்று இருக்கிறது. Archive செய்தால் அந்த நிமிஷமே பதிவு நம்மைத் தவிர யார் கண்ணுக்கும் தெரியாது. குரூப்பில் கிடக்கும் லிங்க்கைத் தட்டினாலும் ஒன்றும் வராது. ஆனால் பதிவும் அதன் தேதியும் கீழே உள்ள கமெண்டுகளும் நம்மிடம் அப்படியே இருக்கும். பரவுவதை நிறுத்துவதுதான் அப்போதைக்கு அவசரம். அழிப்பதற்கு மறுநாள் காலை வரை நேரம் இருந்தது.

ஏன் உடனே அழிக்கக்கூடாது என்று அவனும் கேட்டான். இரண்டு காரணம். ஒன்று, திங்கட்கிழமை பள்ளியில் கேட்பார்கள். அதற்குள் வாய்வழியாக அந்த ரீல் என்னென்னவாகவோ வளர்ந்திருக்கும். சாதியைச் சொல்லித் திட்டினான், அம்மாவை இழுத்தான் என்றுகூடக் கிளப்பிவிடுவார்கள். போட்டது என்ன, போடாதது என்ன என்று காட்ட நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும். இரண்டாவது, பெரியவர் ஒருவர் பார்ப்பதற்கு முன்னால் அழித்தால், எவ்வளவு நேர்மையான பிள்ளையாக இருந்தாலும், "மறைக்கத்தானே அழிச்சே" என்ற பேச்சு வரும். புகார் ஏற்கெனவே போலீஸுக்குப் போயிருந்தால் இன்னும் கவனம் தேவை. அப்போது Archive-ஓடு நிறுத்திக்கொண்டு, ஒரு வக்கீலைக் கேட்டுவிட்டுத்தான் மற்றது. சாட்சியத்தை அழிப்பது தனிக் குற்றம்.

அக்கவுண்டையே மூடிவிடட்டுமா என்றும் கேட்டான். பதற்றத்தில் வருகிற யோசனைகளில் இதைத்தான் நான் முதலில் தடுப்பேன். அக்கவுண்ட் கையில் இருந்தால்தான் மற்றவர்கள் பதிவின் கீழே தான் எழுதிய கமெண்டைத் தேடி எடுக்க முடியும், யார் யாருக்கு அனுப்பினோம் என்று பார்க்க முடியும், யாராவது மிரட்டினால் அந்த மெசேஜைக் காட்ட முடியும். எல்லா வேலையும் முடிந்தபிறகு வேண்டுமானால் மூடிக்கொள்ளலாம்.

ஞாயிறு காலை அவன் வீட்டுக்கு வந்தான். Archive-இல் இருந்த ரீலைத் திறந்து, சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு தடவை பார்த்தோம். பிறகு தேதி, மேலே எழுதியிருந்த வாசகம், கமெண்டுகள் எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்தோம். வீடியோவைச் சேமிக்கவில்லை. அந்தப் பையனின் முகம் இன்னொரு போனில் போய் உட்கார வேண்டியதில்லை. ஸ்க்ரீன்ஷாட்டிலும் அவன் முகம் இருந்த இடத்தை கேலரி எடிட்டரில் கறுப்பு அடித்துவிட்டோம். அது என் போனில் மட்டும் இருந்தது, விஷயம் முடிந்ததும் எடுத்துவிட்டேன்.

கமெண்டுகளைப் படமெடுக்கும்போது மருமகன் ஒரு இடத்தில் நின்றுவிட்டான். ஒரு தோழி, "பாவம்டா, எடுத்துடு" என்று எழுதியிருக்கிறாள். அதற்கு இவன், "அவனே சொல்லட்டும், எவ்ளோ நேரம் ஆகும்னு பாப்போம்" என்று பதில் எழுதி, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் முகங்களை வரிசையாகப் போட்டிருக்கிறான். "வீடியோவைவிட இதுதான் அத்தை மோசம். இதை எழுதினதே எனக்கு ஞாபகம் இல்லை" என்றான். நான் ஆறுதல் சொல்லப் போகவில்லை. அவன் சொன்னது சரிதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருத்தி எச்சரித்திருக்கிறாள், அதற்கும் சேர்த்துத்தான் அவன் பதில் சொல்ல வேண்டும். பழைய பதிவு என்றாலே எல்லோரும் படத்தையோ வீடியோவையோதான் பார்க்கிறார்கள். கீழே போய் நம் பதில்களையும் படிக்க வேண்டும். புண்படுத்தியது பல சமயம் அங்கேதான் இருக்கும்.

அப்புறம் அண்ணனிடம் சொல்வது. சொல்லாமல் முடித்துவிடலாமா என்று மருமகன் மறுபடி கேட்டான். வகுப்பில் அத்தனை பேர் பார்த்த விஷயம், யாராவது ஒரு பெற்றோர் வழியாக அப்பாவுக்குப் போகாமல் இருக்காது. அவர் வேறொருவர் வாயால் கேட்பதா, மகன் வாயால் கேட்பதா என்பது மட்டும்தான் நம் கையில் இருந்தது. எப்படிச் சொல்வதென்று ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். எப்போது போட்டேன், என்ன போட்டேன், யாரைப் பற்றி, இப்போது எங்கே போயிருக்கிறது, இதுவரை என்ன செய்திருக்கிறேன், இனி அப்பா என்ன செய்ய வேண்டும். இந்த வரிசையில் சொன்னால் கேட்பவருக்கு நடுவில் கத்த இடம் குறைவு. "உங்க உதவி வேணும்" என்று மட்டும் சொன்னால் அப்பாக்களுக்கு என்ன செய்வதென்று தெரியாது. என்ன உதவி என்று சொல்லிவிட வேண்டும். அவன் கேட்டது, திங்கட்கிழமை தன்னோடு பள்ளிக்கு வர வேண்டும் என்பதுதான்.

அண்ணன் கத்தத்தான் செய்தார். "போனைக் கொண்டா, உடைச்சுப் போடுறேன்" என்று எழுந்தார். அண்ணி கையைப் பிடித்துக்கொண்டார். நான், "உடைச்சா வீடியோ போயிடாதுண்ணே. அந்த போனை வச்சுத்தான் அதை எடுக்கணும்" என்றேன். கோபப்படுவதில் தப்பில்லை, கோபப்பட்டதைப் பிள்ளை பார்க்கவும் வேண்டும். ஆனால் போனைப் பிடுங்கினால், ஓடிபி வருகிற எண்ணும் லாகின் ஆகியிருக்கும் அக்கவுண்டும் சேர்ந்து போய்விடும். வேலை முடியும்வரை போன் ஹாலில் எல்லோர் முன்னாலும் இருக்கும், வேலைக்கு மட்டும் எடுப்பான் என்று பேசி முடித்தோம். அன்று ராத்திரி அண்ணியை மட்டும் அவன் அறைப்பக்கம் ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொன்னேன். வெட்கத்தில் தூங்காமல், சாப்பிடாமல், "நான் இருக்கவே கூடாது" என்கிற மாதிரி ஒரு பிள்ளை பேசினால், அதை அலட்டல் என்று தள்ளிவிடக் கூடாது. மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416 எண்ணில் எந்த நேரமும் பேசலாம், குழந்தைகளுக்கான 1098-உம் அப்படித்தான். இவன் அந்த அளவுக்குப் போகவில்லை.

அப்பா பார்த்தாயிற்று, இனி அழிக்கலாம். Archive-இல் இருந்து ரீலை Delete செய்தோம். பலரும் இதோடு முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அழித்த பதிவு உடனே போய்விடுவதில்லை. ப்ரொஃபைலில் மூன்று கோடு மெனுவுக்குள் Your activity, அதற்குள் Recently deleted என்று ஒரு இடத்தில் முப்பது நாள் வரை கிடக்கும். அக்கவுண்ட் வேறு யார் கையிலாவது சிக்கினால், அவர்கள் அதை அங்கிருந்து திரும்பக் கொண்டுவரலாம். எனவே அங்கேயும் போய் இன்னொரு தடவை அழித்தோம். அதே Your activity-க்குள் மற்றவர்கள் பதிவில் நாம் எழுதிய கமெண்டுகளும் பட்டியலாக இருக்கும். ஒவ்வொன்றாகத் தேடி அலையாமல் அங்கேயே தேர்ந்தெடுத்து எடுத்துவிடலாம். அந்தப் பையனைப் பற்றி வேறு இடங்களில் எழுதியிருந்த இரண்டு மூன்று கமெண்டும் அப்படித்தான் கிடைத்தன.

பிறகு போனின் உள்ளே. ரீல் செய்வதற்காக வெட்டிய துண்டு கேலரியில் இருந்தது, கூகுள் போட்டோஸிலும் ஏறியிருந்தது. அங்கே அழித்தாலும் குப்பைத்தொட்டியில்தான் போய் விழும், பேக்கப் ஆன படம் அறுபது நாள் அங்கே தங்கும். அதையும் காலி செய்தோம். இதெல்லாம் அதிகப்படி என்று சிலருக்குத் தோன்றலாம். "முழுசா அழிச்சுட்டேன்" என்று அந்தப் பையன் முகத்தைப் பார்த்துச் சொல்லப்போகிறவன், அதை உண்மையாகவே சொல்ல வேண்டும் அல்லவா?

நம்மால் அழிக்க முடியாதது எது என்பதையும் அப்போதே அவனிடம் சொல்லிவிட்டேன். லிங்க் செத்துவிட்டது. ஆனால் யாராவது ஸ்க்ரீன் ரெக்கார்டு எடுத்திருந்தால் அது அவர்கள் போனில் இருக்கும். வகுப்பு குரூப்பில் அப்படி ஒன்று வந்தும் இருந்தது. வாட்ஸ்அப்பில் ஒருவர் தான் அனுப்பியதை எல்லோருக்குமாக அழிக்க இரண்டு நாளுக்குக் கொஞ்சம் மேல்தான் அவகாசம். அதை அனுப்பிய பையனிடம் தனியாகக் கேட்டான், அவன் பதில் போடவில்லை. குரூப் அட்மினாலும் மற்றவர் மெசேஜை நீக்க முடியும் என்பதால், அட்மினாக இருந்த மாணவியிடம் கேட்டான். அவள் நீக்கிவிட்டாள். குரூப்பிலிருந்து போனாலும், மீடியா தானாகச் சேமிக்கும்படி வைத்திருப்பவர்கள் கேலரியில் அது தங்கியிருக்கும். அதற்கு நம்மிடம் பட்டன் கிடையாது.

திங்கட்கிழமை மணி அடிப்பதற்கு முன்னாலேயே அப்பாவும் மகனும் வகுப்பாசிரியரைப் பார்த்துவிட்டார்கள். ஆசிரியர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வகுப்புல எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேட்டுடேன், முடிஞ்சு போகும்" என்றாராம். இவனும் இன்ஸ்டா ஸ்டோரியில் ஒரு மன்னிப்பு போடலாம் என்றுதான் எண்ணியிருந்தான். இரண்டும் வேண்டாம் என்பது என் கருத்து, போகும்முன்பே சொல்லி அனுப்பியிருந்தேன். ஸ்டோரியில் மன்னிப்பு என்று போட்டால், ரீலைப் பார்க்காதவர்களும் "எதுக்குடா மன்னிப்பு?" என்று கேட்டுத் தேட ஆரம்பிப்பார்கள். வகுப்பில் எழுந்து நின்றால் எல்லோரும் திரும்பிப் பார்க்கப்போவது அந்தப் பையனைத்தான். திக்கிப் பேசுகிறவனை மறுபடி ஒரு மேடைக்கு இழுப்பது போலத்தான் அது. யாருக்கு வலித்ததோ அவர் எப்படி விரும்புகிறாரோ அப்படி என்று இருக்க வேண்டும். அப்பா இதை எடுத்துச் சொல்ல, ஆசிரியரும் சரி என்று ஒப்புக்கொண்டார்.

மன்னிப்பு என்ன சொல்வது என்று ஞாயிறு மாலையே எழுதிப் பார்த்திருந்தான். முதலில் எழுதியது இது: "மச்சி, சாரிடா. அப்போ சின்னப் பையன், சும்மா விளையாட்டுக்குப் பண்ணினது. உனக்குக் கஷ்டமா இருந்திருந்தா மன்னிச்சுடு." நான் பேனாவால் மூன்று இடத்தில் கோடு போட்டேன். விளையாட்டுக்கு என்பது அவனுக்குத்தான் விளையாட்டு. சின்னப் பையன் என்றால், மேடையில் நின்றவனும் அதே வயதுதான். கஷ்டமாக இருந்திருந்தால் என்றால், கஷ்டமாக இருந்ததா இல்லையா என்பதையே அவன் நிரூபிக்க வேண்டும் போலாகிவிடுகிறது. இவற்றை எடுத்துவிட்டால் மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது. அதுவே போதும். கடைசியில் நின்றது: "எட்டாவதுல உன்னைக் கிண்டல் பண்ணி ஒரு ரீல் போட்டேன். கமெண்ட்லயும் கேவலமா எழுதினேன். அது தப்பு. ரீலையும் என்கிட்ட இருந்த எல்லாத்தையும் அழிச்சுட்டேன், அப்பாகிட்டயும் சார்கிட்டயும் சொல்லிட்டேன். குரூப்ல வந்தது போயிடுச்சு, ஆனா யார் போன்லயாவது இருக்கலாம். நான் வேற என்ன பண்ணணும்னு நீ நினைக்கிறே? இப்பவே பதில் சொல்ல வேணாம்."

இதை மெசேஜாக அனுப்பவில்லை. மெசேஜ் என்றால் பார்த்தானா, நீல டிக் வந்ததா என்று இவன் காத்துக்கிடப்பான், அவனுக்கும் பதில் போட்டாக வேண்டும் என்ற நெருக்கடி. ஆள் இல்லாத இடத்தில் நேரில் சொல்லச் சொன்னேன். சைக்கிள் ஸ்டாண்டில் வைத்துச் சொல்லியிருக்கிறான்.

அந்தப் பையன் சொன்னதுதான் எங்கள் யாருக்கும் தோன்றாத ஒன்று. "எனக்கு அப்பவே தெரியும். இன்னொண்ணு இருக்கே, அதை எடுக்கலையா?" என்றானாம்.

மூன்று வருஷமாக அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இவன் அன்று அந்த ரீலைப் போட்டபோது இன்னொரு நண்பன் அதை இறக்கி, தன் மீம் பக்கத்தில் மறுபடி ஏற்றியிருக்கிறான். மருமகனுக்கு அது நினைவிலேயே இல்லை. பாதிக்கப்பட்டவன் மறக்கவில்லை, அவ்வப்போது போய்ப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். நாங்கள் ஞாயிறு முழுக்க உட்கார்ந்து தேடியும் கிடைக்காத பிரதி, அவனிடம் ஒரு கேள்வி கேட்டதில் கிடைத்தது. இப்படி வருகிற மற்ற பிள்ளைகளிடமும் இப்போது இதைத்தான் சொல்கிறேன்: நீ எங்கெல்லாம் போட்டாய் என்று உனக்கு ஞாபகம் இருக்காது, யாரைப் பற்றிப் போட்டாயோ அவரைக் கேள்.

இன்னொன்றும் கேட்டுக்கொண்டான். குரூப்பில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் போட வேண்டாம், யாராவது கிண்டல் செய்தால் மட்டும், "அதைப் பண்ணினது நான், என்கிட்ட பேசு" என்று சொன்னால் போதும் என்றான்.

அந்த மீம் பக்கத்தை எடுப்பதுதான் இழுத்தடித்தது. ஆரம்பித்தவன் கோயம்புத்தூர் பக்கம் டிப்ளமோ படிக்கிறான். கேட்டதும், "ஐயோ, அந்த பேஜ் பாஸ்வேர்டே மறந்துபோச்சே" என்றான். இதில் இரண்டு வழி இருந்தது. ஒன்று, அக்கவுண்ட் ஆரம்பித்த பழைய ஈமெயிலையோ போன் எண்ணையோ தேடிப்பிடித்து, பாஸ்வேர்டை மீட்டு, அவனே அழிப்பது. மற்றது, இன்ஸ்டாகிராமில் ரிப்போர்ட் செய்வது. கிண்டல், துன்புறுத்தல் வகை ரிப்போர்ட்டில், வீடியோவில் இருப்பவரே கொடுப்பதற்குத் தனி எடை உண்டு. மூன்றாம் ஆள் பத்துப் பேர் கொடுத்தாலும் அது நண்பர்களுக்குள் விளையாட்டா, துன்புறுத்தலா என்று அவர்களுக்குத் தெரியாது. சம்பந்தப்பட்டவரே சொன்னால் தெளிவு. அதனால் கூட்டம் சேர்த்து ரிப்போர்ட் அடிக்கிற யோசனையை விட்டுவிட்டோம். அந்தப் பையனிடம் கேட்டதற்கு, முதலில் அழிக்கச் சொல்லிப் பார்ப்போம், முடியாவிட்டால் தானே ரிப்போர்ட் கொடுப்பதாகச் சொன்னான். நல்லவேளை, பழைய எண் அந்த நண்பனின் அம்மா போனில் உயிரோடு இருந்தது. ஓடிபி வாங்கி உள்ளே போய், வீடியோவை அழித்து, Recently deleted-ஐயும் காலி செய்து, ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான்.

கூகுளிலும் ஒரு தடவை பார்த்தோம். பள்ளிப் பெயரும் அந்தப் பையன் பெயரும் சேர்த்துத் தேடியதில் ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் அதற்கும் வழி உண்டு. மூலப் பதிவு அழிந்த பிறகும் தேடலில் பழைய துணுக்கு தெரிந்தால், Refresh Outdated Content என்ற கூகுள் பக்கத்தில் அந்த முகவரியைக் கொடுத்துப் புதுப்பிக்கக் கேட்கலாம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களின் படத்தைத் தேடல் முடிவுகளிலிருந்து நீக்கும்படி அவர்களோ பெற்றோரோ தனியாக விண்ணப்பிக்கவும் முடியும். ஆனால் கூகுள் தன் தேடலிலிருந்துதான் எடுக்கும், படம் இருக்கும் தளத்திலிருந்து அல்ல.

முன்னால் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். பழைய பதிவில் ஒரு சிறுவனோ சிறுமியோ உடையில்லாமலோ அந்தரங்கமாகவோ தெரிந்தால், அது பதிவு போட்ட பிள்ளையின் சொந்தப் படமாகவே இருந்தாலும், மேலே சொன்ன ஸ்க்ரீன்ஷாட் வேலை எதுவும் கூடாது. நம்பிக்கையான பெரியவருக்கும் படத்தை அனுப்பக் கூடாது, வாயால் சொன்னால் போதும். அப்படிப்பட்ட படத்தை வைத்திருப்பதும் பகிர்வதும் போக்சோ சட்டத்திலும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவிலும் வரும். இதற்கென்றே அமெரிக்காவில் குழந்தைகள் பாதுகாப்புக்காக இயங்கும் என்சிஎம்இசி அமைப்பு Take It Down என்ற சேவையை நடத்துகிறது. takeitdown.ncmec.org என்ற முகவரி, இந்தியாவிலிருந்தும் பயன்படுத்தலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை. படம் நம் போனைவிட்டு வெளியே போகாது, அதிலிருந்து கணக்கிட்ட ஒரு அடையாள எண் மட்டும் போகும். அந்த எண்ணை வைத்து இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற, அதில் சேர்ந்திருக்கும் தளங்கள் படத்தைக் கண்டுபிடித்து எடுக்கும். வாட்ஸ்அப் மாதிரி பூட்டிய உரையாடல்களுக்குள் இருப்பதை இது தொடாது. யாராவது படத்தை வைத்துக்கொண்டு மிரட்டினால் காசு கொடுக்க வேண்டாம், அந்த உரையாடலை அழிக்கவும் வேண்டாம். பெரியவர் ஒருவரோடு cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுக்க வேண்டும், அல்லது 1098-ஐக் கூப்பிட வேண்டும். மிரட்டுகிறவனை உடனே பிளாக் செய்துவிட்டு உரையாடலையும் துடைத்துவிடுகிற பிள்ளைகள்தான் அதிகம். பயத்தில் செய்வது, புரிகிறது. ஆனால் அவனுடைய யூசர்நேமும் அவன் அனுப்பிய மெசேஜும்தான் போலீஸ் பிடித்துக்கொள்ளும் நூல்.

மருமகன் அக்கவுண்டில் கடைசியாக ஒரு வேலை பாக்கி இருந்தது. ஆரம்பிக்கும்போது பிறந்த வருஷத்தை மாற்றி, பெரியவனாகக் காட்டியிருக்கிறான். அதனால்தான் எட்டாம் வகுப்புப் பையனின் பதிவு ஊருக்கே திறந்து கிடந்தது. சரியான பிறந்த தேதியைக் கொடுத்தோம். அடையாளச் சான்று கேட்டது, கொடுத்தோம். அக்கவுண்ட் இப்போது பிரைவேட்டாக இருக்கிறது. பழைய பதிவுகளை உட்கார்ந்து முதலிலிருந்து பார்த்தான். தன் முகம் மட்டும் இருப்பதைச் சும்மா விட்டான். வேறொருவர் முகம் இருந்ததை எல்லாம் முதலில் Archive-இல் போட்டுவிட்டு, ஒவ்வொருவரிடமும் வைக்கட்டுமா, எடுக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். கேட்டவர்களில் பாதிப் பேர், "எந்த போட்டோ? அனுப்பு பாப்போம்" என்று சிரிக்கிறார்களாம். ஒரு பெண் மட்டும், "எடுத்துடு, ரொம்ப நாளா கேக்கணும்னு நினைச்சேன்" என்றிருக்கிறாள்.